எல்இடி விளக்கு மாற்றம்: மின் கட்டண உயர்வைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

அனைவருக்கும் வணக்கம். பிறையில் எங்கள் தொழிற்சாலையில் இருக்கும் 100 மெட்டல் ஹேலைடு விளக்குகளை எல்இடியாக மாற்ற முன்மொழிந்துள்ளேன். பழையது ஒவ்வொன்றும் சோக்கோடு சேர்த்து 450 வாட் இழுக்கிறது. புதியது 150 வாட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் எரிவதால் 180,000 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 40 சென் என்று வைத்தால் 72,000 ரிங்கிட். செலவு 180,000 ரிங்கிட்.

போட்ட பணம் திரும்ப இரண்டரை ஆண்டு ஆகும். நிர்வாகத்தின் வரம்போ இரண்டு ஆண்டு என்பதால் திட்டம் நிற்கிறது. ஆனால் 8 ஆண்டு ஆயுளுக்கு 10 விழுக்காட்டுத் தள்ளுபடி விகிதத்தில் நிகர இன்றைய மதிப்பு சுமார் 204,000 ரிங்கிட் வருகிறது. கட்டணம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயரும் என்று கொண்டால் அது 254,000 ஆகிறது. பணம் திரும்பும் காலமோ 2.4 ஆண்டாக மட்டுமே குறைகிறது. கட்டண உயர்வின் பலன் பிந்தைய ஆண்டுகளில்தான் சேர்கிறது, அந்த ஆண்டுகளை மீட்புக் காலம் பார்ப்பதே இல்லை என்பது என் வாதம்.

இரண்டு ஐயங்கள். எங்கள் பில்லில் ஒரு பகுதி யூனிட்டுக்கும், மறு பகுதி உச்சத் தேவையின் கிலோவாட்டுக்கும் வருகிறது. இவ்விரண்டுக்கும் தனித்தனி உயர்வு விகிதம் வைப்பதா? பணவீக்கம் சேர்ந்த உயர்வு விகிதத்துக்கு, பணவீக்கம் சேர்ந்த தள்ளுபடி விகிதமே பொருந்தும் என நினைக்கிறேன், சரிதானா? இத்தகைய கணக்கை நிர்வாகத்திடம் ஏற்கச் செய்தவர்கள் எந்த உயர்வு விகிதத்தை, எந்த ஆதாரத்தோடு வைத்தீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.