ஓவர்லாக் மெஷினுக்குப் படச்சீட்டு: பார்த்துச் செய்தும் நூல் அறுகிறது, உதவி தேவை

தையற்கூடத்தான் (போர்ட் லூயி):
மொரிசியசில் ஒரு பனியன் ஆலையில் வரிசைப் பொறுப்பாளராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருவோருள் வங்கதேசத்தவரும் மடகாஸ்கர்காரர்களுமே மிகுதி என்பதால், நான்கு நூல் ஓவர்லாக்கில் நூல் கோக்கும் முறையை எழுத்தே இல்லாமல் 14 படங்களில் காட்டி, லேமினேட் செய்து ஒவ்வொரு மெஷினிலும் தொங்கவிட்டேன். வெறும் மெஷினில் முதலிலிருந்து கோக்கும்போது யாருக்கும் தடுமாற்றம் இல்லை. ஓட்டத்தின் நடுவே கீழ் லூப்பர் நூல் அறுந்தால்தான் தொல்லை. அந்த நூலுக்குரிய 5 முதல் 8 வரையுள்ள படங்களைப் பார்த்துச் சரியாகவே கோக்கிறார்கள். ஆனால் மிதியை அழுத்திய சில தையல்களுக்குள் நூல் மறுபடியும் அறுந்து, என்னை அழைக்கிறார்கள். படங்களில் என்ன குறை?

நூற்கண்டு:
கீழ் லூப்பரின் டென்ஷன் இறுகியிருக்கும். அதன் திருகு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு படம் சேருங்கள். படச்சீட்டை விட வீடியோ எடுத்துக் காட்டுவதே மேல்.

தையற்கூடத்தான்:
டென்ஷனை நான் தொடுவதே இல்லை. நான் கோத்தால் அதே நிலையில் ஓடுகிறது.

பழைய மெக்கானிக் (டர்பன்):
அப்படியென்றால் உங்கள் கை ஒரு வேலையைச் செய்கிறது, சீட்டு அதைச் சொல்லவில்லை. அறுந்த நூலைக் கோக்கும் முன் இரண்டு ஊசிகளிலிருந்தும் நூலை உருவிவிடுகிறீர்கள் அல்லவா? பழகிய கைக்கு அது ஒரு படியாகவே தோன்றாது. நூல் அறுந்து மெஷின் நிற்கும்போது ஊசி நூல்கள் கீழ் லூப்பரைச் சுற்றிக் கிடக்கும். அவற்றை அகற்றாமல் கோத்தால் புதிய நூல் அவற்றுக்கு அடியில் சிக்கி அறுந்துவிடும். ஊசிகளைக் கடைசியில் கோப்பது இதனால்தான். உங்கள் 14 படங்களும் வெறும் மெஷினுக்கு உரியவை. அவற்றின் நடுவிலிருந்து நான்கை எடுத்துச் செய்பவருக்கு அவை பொருந்தா.

ஆகவே கீழ் லூப்பர் அறுந்தால் பார்ப்பதற்கென்று தனிச் சீட்டு எழுதுங்கள். முதற்படத்தில் சுவிட்சை அணைப்பதைக் காட்டுங்கள். கிளட்ச் மோட்டாராக இருந்தால், அணைத்த பின்னும் அது சிறிது நேரம் சுற்றும். மிதியை அழுத்தி அந்த ஓட்டத்தை அடக்கும் காலையும் படம் எடுங்கள். அடுத்த படம் ஊசி நூல்களை உருவுவது. அதன் பிறகே லூப்பர், கடைசியில் ஊசிகள். முடிவில், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது நான்கு நூலும் பின்னிச் சங்கிலியாக வெளிவரும் நிலையை ஒரு படமாகக் காட்டுங்கள். சங்கிலி வராவிட்டால் மிதியைத் தொடக்கூடாது என்பது தெரியும்படி, வராத நிலையையும் சிவப்புக் கோடு போட்டுப் பக்கத்திலேயே வையுங்கள்.

படங்களை எங்கே நின்று எடுத்தீர்கள்?

தையற்கூடத்தான்:
மெஷினுக்கு எதிரே நின்றுதான்.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறிப்போகும். ஓட்டுபவரின் நாற்காலியில் அமர்ந்து, அவர் கண் இருக்கும் உயரத்தில் எடுங்கள். நான்கு நூலுக்கும் நான்கு நிறம் வைத்து எடுப்பது நல்லது. ஆனால் வேலையில் எல்லாமே வெள்ளை நூல் என்பதால், அதே நிறப் புள்ளிகளை மெஷினின் நூல்வழிகளிலும் ஒட்டினால்தான் அதற்குப் பயன் உண்டு.

அச்சகத்தான் (ரீயூனியன்):
எங்கள் அச்சகத்தில் பிரெஞ்சில் மட்டும் அறிவிப்பு வைத்தபோது பலர் படிக்கவே இல்லை. நீங்கள் வங்காளத்திலும் மலகாசியிலும் மொழிபெயர்த்தால் எல்லாம் தீரும்.

தையற்கூடத்தான்:
ஐயா, இங்கே ஒரு படமே விடுபட்டிருந்தது. எத்தனை மொழியில் எழுதினாலும் அது வந்து சேர்ந்திராது.

தையற்கூடத்தான் (எட்டு நாள் கழித்து):
புதிய சீட்டை ஓவர்லாக்கே அறியாத இருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். உதவிக்கு நீண்ட கையை அடக்குவதுதான் கடினமாக இருந்தது. ஒருவர் ஒன்பது படங்களையும் தடையின்றி முடித்தார். மற்றவர் ஆறாம் படத்தில் நின்றுவிட்டார். லூப்பரின் கண் இருட்டில் தெரியவில்லை. பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, பக்கவாட்டில் விளக்கு வைத்து மறுபடி எடுத்தபின் அவரும் முடித்தார்.

ஒன்று மட்டும் மிச்சம். பழகியவர்கள் பழைய நூலில் புதிய நூலை முடிச்சிட்டு இழுத்துக்கொள்கிறார்கள். கண்டு மாற்றும்போது அது விரைவு. ஆனால் முடிச்சு ஊசிக்கண்ணில் நுழையாது, அதற்கு முன்பே வெட்டிக் கையால் கோக்க வேண்டும். இதையும் சீட்டில் சேர்ப்பதா?

பழைய மெக்கானிக்:
நான் சேர்க்க மாட்டேன். நூல் லூப்பரிலேயே அறுந்துவிட்டால் முடிச்சு உதவாது. புதியவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

நூற்கண்டு:
சேர்க்காவிட்டால் பக்கத்து மெஷின்காரரைப் பார்த்து அரைகுறையாகக் கற்றுக்கொள்வார். கண்டு மாற்றுவதற்கென்று தனிச் சீட்டு வையுங்கள்.