ஆறாம் அத்தியாயத்தில் வாசகர்கள் நழுவுகிறார்கள், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டக் கதை ஒன்றை வெள்ளி இரவுதோறும், வாரம் 1,200 சொல் அளவில் தொடராகப் போடுகிறோம். ஐந்தாவது, பெரட்டில் கிராணி பேர் கூப்பிட, அஞ்சலை வரவில்லை என்பதோடு முடிகிறது. ஆறாவதைத் திறந்தவர்கள் குறையவில்லை, பாதியிலேயே போய்விட்டார்கள். அப்படியென்றால் ஐந்தாவதை வெட்டிய இடம் சரி, ஆறாவதின் தொடக்கம்தான் கோளாறு. அது அவள் அப்பாவின் பழங்கதைக்குத் தாவி, அஞ்சலை எங்கே என்பதை ஏழாவதுக்குத் தள்ளிவிட்டது.

முதல் 150 சொல்லுக்குள் பாதி விடை (லயத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பால்கத்தியைக் காணோம்), அதன் பிறகு பழங்கதை என்று மாற்றலாமா? வெளியானதைத் திருத்தினால் ஏற்கெனவே படித்தவர்களுக்குக் குழப்பமாச்சே! ஏழாவதின் தலையில் இரண்டு வரி முன்கதை போதுமா? தொடர் எழுதிய அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.