12 பைசா எங்கே போனது?

சிஏ ஃபைனல் ஏஎஃப்எம் பேப்பருக்குப் படிக்கிறேன். ஆப்ஷன் கணக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

பங்கு விலை 100 ரூபாய். ஒரு வருடம் கழித்து 120 ஆகும், இல்லையென்றால் 90. ஸ்ட்ரைக் விலை 100, ரிஸ்க் இல்லாத வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம், டிவிடெண்ட் கிடையாது. பைனாமியலில் p = (1.05 − 0.90) / (1.20 − 0.90) = 0.5. ஏறினால் காலுக்குக் கிடைப்பது 20. அதில் பாதியை 1.05-ஆல் வகுத்தால் 9.52. அதுவரை சரி.

அப்புறம் புட் விலையைப் புட்-கால் பாரிட்டியில் எடுத்தேன். பழக்கதோஷத்தில் 100-ஐ e^(−0.05)-ஆல் பெருக்கி 95.12 என்று போட்டதில் புட் 4.64 வந்தது. மரத்திலேயே நேராகப் போட்டால், இறங்கும்போது கிடைக்கும் 10-இல் பாதி 5, அதை 1.05-ஆல் வகுக்க 4.76. இடிக்கிறது! பாரிட்டியிலும் 100/1.05 என்று வைத்த பிறகுதான் 4.76 வந்தது. ஒரே கணக்கில் இரண்டு வகை வட்டியைக் கலந்திருக்கிறேன்.

கேள்வியில் 'ஆண்டுக்கு 5 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் தொடர் கூட்டு வட்டி எடுப்பதா, 1.05 எடுப்பதா? அனுமானம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் மார்க் குறைக்க மாட்டார்கள்தானே? தங்கள் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.