டெல் கிரெடெரே முகவர்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

யோகேஸ்வரி, ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். உயர்தரக் கணக்கீட்டு மாணவர்களுக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தரகர், தரகு முகவர் என்ற இருவருக்கும் பிள்ளைகளிடம் சொல் இருக்கிறது. மூன்றாமவரை 'டெல் கிரெடெரே முகவர்' என்றே எழுதி வருகிறோம். அந்த ஒலியைப் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள், கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

தாளில் உள்ள கணக்கு இது. நுவரெலியா விவசாயி ஒருவர் 1,000 கிலோ லீக்ஸைப் பேலியகொடை முகவருக்கு அனுப்புகிறார். கிலோ 150 ரூபாய்க்கு எல்லாம் விற்றது. 60,000 ரூபாய்க்குக் கைக்காசு வந்தது, 90,000 கடன். முகவருக்குத் தரகு 10 வீதம். வாங்கியவர் கட்டாவிட்டால் தானே கட்டுவதாக ஏற்றதற்கு மேலதிகமாக 2 வீதம். லொறிக்கூலி, இறக்குகூலி 9,000 ரூபாயையும் முகவரே செலவழித்தார். கடனுக்கு எடுத்தவர்களில் ஒருவர் 30,000 ரூபாயைக் கட்டாமல் கடையை மூடிவிட்டார்.

இந்த முகவரை எப்படி அழைப்பது?

பாலகிருஷ்ணன், கண்டி

டீச்சர், வேரிலிருந்து போவோம். இத்தாலிய 'கிரெடெரே' என்றால் நம்புதல். அதன் இலத்தீன் வேரும் வடமொழிச் 'சிரத்தா'வும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. நாம் அன்றாடம் சொல்லும் 'சிரத்தை' அவருக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அந்த வழியில் போகவேண்டியதில்லை. தமிழில் 'புணை' இருக்கிறது. குறள் 306 இல் 'ஏமப் புணை' என்று தெப்பத்தைச் சொல்கிறது. கோயில் விளக்குக்கு ஆடு விட்ட சோழர் காலக் கல்வெட்டுகளில், ஆட்டை ஏற்ற இடையருக்காக மற்ற இடையர் புணைப்படுகிறார்கள். ஒருவன் தவறினால் அடுத்தவன் தாங்குவது, நம் முகவரின் வேலையும் அதுதானே. எனவே 'புணை முகவர்'. புணை அந்நியமாகத் தெரிந்தால் 'பிணை முகவர்' என்றாவது எழுதுங்கள்.

சிவகுமார், பண்டாரவளை

சேர், எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குப் பிணை என்றால் நீதிமன்றம்தான். 'பிணை முகவர்' என்று எழுதினால் சிறையிலிருந்து ஆளை எடுக்கிறவர் என்று நினைப்பான். இலக்கியத்துக்குப் போனாலும் குறள் 1089 இன் 'பிணையேர் மடநோக்கு' பெண்மான்.

புதுச்சொல் எதற்கு என்பது என் கேள்வி. கொழும்புத் தேயிலை ஏலத்தில் 1883 முதல் இந்த வேலையைப் புரோக்கர்கள் செய்கிறார்கள். ஏலத்துக்கு முன்பே தொழிற்சாலைக்கு முற்பணம் கொடுக்கிறார்கள். வாங்குபவர் கட்டுமுன் காசு வருகிறது என்றால் அது டெல் கிரெடெரேதானே? 'தரகர்' என்ற சொல்லையே விரித்துப் பயன்படுத்தலாம்.

ரமணி, மாத்தளை

சிவகுமார் அண்ணன், முற்பணமும் உத்தரவாதமும் வேறு வேறு. முற்பணம் அந்தத் தேயிலையின் மேல் கொடுத்த கடன். விற்ற காசில் கழித்துக்கொள்வார்கள். வாங்கியவர் காசு கட்டாமல் போகும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். அன்று முற்பணத்தைத் தொழிற்சாலை திருப்பிக் கொடுக்கவேண்டுமானால் அங்கே உத்தரவாதம் இல்லை. நட்டம் முகவரோடு நின்றால் மட்டுமே இருக்கிறது. இருவருக்குள் உள்ள ஒப்பந்தம்தான் அதைச் சொல்லும். காசு எப்போது வந்தது என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

பெயரையும் நம்பக்கூடாது. சட்டம் சொல்லும் தரகர் இருவரைச் சேர்த்துவைப்பதோடு சரி. சரக்கு அவர் கையில் வராது, வழக்கமாக விலையை வாங்கும் அதிகாரமும் இராது, பேரம் முடிந்தால் தரகு. தரகு முகவரிடம் சரக்கு வருகிறது. விற்று, காசு சேர்த்து, செலவும் தரகும் கழித்து விற்பனைக் கணக்கோடு அனுப்புகிறார். சரக்கைக் கவனமாக வைத்திருப்பதும் அவர் கடமை. தேயிலை ஏலத்துப் புரோக்கர் மாதிரி காட்டி, பட்டியலிட்டு, விற்று, காசையும் சேர்த்து அனுப்புவதால் இந்த இரண்டாவது ஆளுக்கே கிட்ட நிற்கிறார்.

இனி டீச்சரின் கணக்கு. 150,000 இலிருந்து தரகு 15,000, மேலதிகத் தரகு 3,000, செலவு 9,000 கழித்தால் விவசாயிக்கு 123,000 வரவேண்டும். மூடிய கடையின் 30,000 முகவரின் புத்தகத்தில் அறவிடமுடியாக் கடன். அவருக்குக் கிடைத்த இரண்டு தரகும் சேர்த்து 18,000 தான். ஆக அவர் 12,000 நட்டப்படுகிறார். சாதாரணத் தரகு முகவராக இருந்திருந்தால் மேலதிக 3,000 கழியாது, 30,000 விவசாயியின் தலையில் விழும். அவர் கையில் 96,000. பிள்ளைகள் பிழைவிடுவது இங்கேதான்: 3,000 ஐயும் கழித்து 30,000 ஐயும் விவசாயியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

மாரிமுத்து, தலவாக்கலை

நம் மலையகத்திலேயே இதற்கு ஆள் இருந்தாரே! பெரிய கங்காணி. தோட்டம் அவருக்கு முற்பணம் கொடுக்கும், ஆட்களின் கடனுக்கு அவரே பொறுப்பு, தலைக்காசும் உண்டு. ஆள் தோட்டம் மாறும்போது கடன் 'துண்டு'ச் சீட்டில் கூடவே போகும். 1921 இல் அந்த முறையை ஒழித்தார்கள். 'கங்காணி முகவர்' என்றால் என்ன?

ரமணி, மாத்தளை

மாரிமுத்து ஐயா, நாம் பேசுவது சரக்கு விற்பவரைப் பற்றி. கங்காணி ஆள் சேர்த்தவர். தோட்டத்திடம் முற்பணம் வாங்கிய நேரத்திலேயே அவர் கடன்காரர். ஆட்களுடைய கடன் அவருக்கு வரவேண்டியது. நம் முகவர் அப்படி இல்லை. முதற்கடன்காரர் லீக்ஸ் வாங்கியவர். அவர் கட்டாதபோதுதான் முகவரின் முறை. இந்த 'கட்டாதபோது' சொல்லில் இருக்கவேண்டும். அந்தப் பெயரோடு நம் மக்கள் சுமந்த கடனையும் பாடப்பெயராக்க எனக்கு மனம் வரவில்லை.

தர்ஷினி, பதுளை

'பொறுப்பேற்பு முகவர்' போதாதா? பிள்ளைக்கு உடனே விளங்கும்.

ரமணி, மாத்தளை

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். வாங்கியவர் ஒருவர், "பாதி மூட்டை அழுகல், 6,000 ரூபாயைக் கட்டமாட்டேன்" என்கிறார் என்று வையுங்கள். பொறுப்பேற்ற முகவர் கட்டவேண்டுமா? வேண்டியதில்லை. மரம் விற்ற வழக்கொன்றில் 1914 இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: வாங்கியவரின் வங்குரோத்து போன்ற காரணத்தால் வராமற்போன, தொகை முடிவான கடனுக்கே இந்த முகவர் பொறுப்பு. சரக்கு ஒப்பந்தப்படி இருந்ததா என்ற தகராறு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உரியது. அழுகல் முகவரின் கவனக்குறைவால் வந்ததென்றால் அது வேறு கணக்கு, சாதாரணத் தரகு முகவரும் அதற்குப் பதில்சொல்லவேண்டும்.

என் முன்மொழிவு 'அறவீட்டுறுதி முகவர்'. அறவிடமுடியாக் கடன் பிள்ளைகளுக்குப் பழக்கம். அதன் மறுபக்கம் என்று சொன்னால் போதும்.

பாலகிருஷ்ணன், கண்டி

'அறவிடு' என்பதில் அற, விடு எப்படிச் சேர்ந்தன என்று யாராவது விளக்கினால் நன்றி. 'அறவிட்டான்' என்றால் முற்றாகக் கைவிட்டான் என்றும் கேட்கிறது. கடனைக் கைவிடுவதா, வாங்குவதா?

சிவகுமார், பண்டாரவளை

சேர், வரி அறவீடு, கட்டணம் அறவீடு என்று கச்சேரிப் பலகையிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லில் யாரும் தடுமாறியதில்லை. தேயிலை பற்றி ரமணி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த 2 வீதத்தை ஏன் 150,000 மீதும் போடவேண்டும்? கைக்காசு விற்பனையில் வராக்கடனே இல்லை. 90,000 மீது போட்டால் 1,800 தான்.

ரமணி, மாத்தளை

ஒப்பந்தம் 'கடன் விற்பனை மீது' என்று சொன்னால் 1,800. சொல்லாவிட்டால் மொத்த விற்பனை மீது போடுவது பாட வழக்கம். நியாயம் உங்கள் பக்கம். ஆனால் வினாத்தாளில் புள்ளி வழக்கத்தின் பக்கம்.

சிவகுமார், பண்டாரவளை

அப்படியென்றால் வினாவிலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் எந்த விடை சரி என்பதில் நான் உடன்படமாட்டேன்.

யோகேஸ்வரி, ஹட்டன்

அறவீட்டுறுதிக்கு மூவர், பொறுப்பேற்புக்கு ஒருவர், புணைக்கு ஒருவர். இம்முறை அறவீட்டுறுதி முகவர் என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் டெல் கிரெடெரேயும் இருக்கும். வினாவில் 'மொத்த விற்பனை மீது 2 வீதம்' என்று சேர்த்துவிட்டேன். 6,000 ரூபாய் அழுகல் தகராறை இரண்டாம் பகுதியாக்குகிறேன்.

பாலகிருஷ்ணன், கண்டி

என் மறுப்பைப் பதிவுசெய்க. ஆறு எழுத்தில் முடியக்கூடிய பெயரைப் பதினொன்றாக்கியிருக்கிறீர்கள். அடுத்த பதிப்புக்கு முன் புணையை மறுபடி கொண்டுவருவேன்.