ஏப்ரல் 1 முதல் புதிய விலை: பழைய கொட்டேஷன் என்ன ஆகும்?

பம்புக்கடை: மோட்டார் பம்பு விற்கிறோம். ஏப்ரல் 1 முதல் ஒரு மாடலின் விலை 18,400 ரூபாயிலிருந்து 19,300 ஆகிறது. மார்ச் 24 தேதியிட்டு ஒருவருக்குப் பத்து பம்புக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாள் செல்லும். புதிய விலையை இப்போதே கணினியில் ஏற்றிவைக்க வேண்டும், ஆனால் அந்தக் கொட்டேஷன் அசையக் கூடாது. எப்படி?

சேலத்துக் கணக்கர்: இதற்கெல்லாமா கேள்வி? மார்ச் 31 இரவு கடை சாத்தியதும் எக்செல் கோப்பில் புதிய விலையைப் போட்டு ஏற்றிவிடுங்கள். கால் மணி நேர வேலை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

பழைய ரசீது: பன்னிரண்டு வருடமாகப் பிரச்சினை வரவில்லை என்றால், பன்னிரண்டு வருடமாக யாரும் பழைய கொட்டேஷனை மறுபடி அச்சடித்துப் பார்க்கவில்லை என்று பொருள். பம்புக்கடைக்காரரே, இவர் பேச்சைக் கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பொருளின் விலையைப் பத்து ரூபாய் கூட்டிவிட்டு, போன மாதத்துக் கொட்டேஷனைத் திறந்து பாருங்கள். மொத்தத் தொகை மாறியிருந்தால், உங்கள் மென்பொருள் விலையைக் கொட்டேஷனில் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பொருள் பட்டியலைப் போய்ப் பார்த்து வருகிறது. அந்த நிலையில் எந்த இரவில் ஏற்றினாலும் உங்கள் பத்து பம்பு 1,84,000 ரூபாயிலிருந்து 1,93,000 ஆகிவிடும். வாடிக்கையாளர் கையில் ஒரு தாள், உங்கள் திரையில் வேறொரு தொகை.

மாறவில்லை என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிப் பாதி, பழைய விலையை அழிக்காமல் அதன் கீழேயே புதிய விலையைத் தொடக்கத் தேதியோடு எழுதுவது. கொட்டேஷனோ ஆர்டரோ போடும்போது, அந்தத் தாளின் தேதிக்கு எந்த விலை நடப்பில் இருந்ததோ அதை எடுத்து அந்தப் பொருளின் வரியிலேயே பதிந்துவிட வேண்டும். எங்கள் கடையில் ஓடுவது இவ்வளவுதான்:

```
SELECT rate FROM price_list
WHERE item_id = 417 AND valid_from <= :doc_date
ORDER BY valid_from DESC LIMIT 1;
```

முடிவுத் தேதி என்று ஒன்று தேவையில்லை. அடுத்த விலை தொடங்கும் நாளில் முந்தையது தானாக ஓய்ந்துவிடும். இப்போதே புதிய விலையை ஏற்றிவிட்டு, 31 அன்று இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

சேலத்துக் கணக்கர்: கால் மணி நேர வேலைக்கு இவ்வளவு பெரிய சொற்பொழிவு. 31 இரவு ஏற்றினால் 1 அன்று காலை புதிய விலை. இதில் எங்கே தவறு? தேதிதானே முக்கியம்?

பழைய ரசீது: எந்தத் தாளின் தேதி என்பதுதான் ஐயா முக்கியம்.

தறிக்காரன்: திருப்பூர் பக்கம் நூல் விலை மாதத் தொடக்கத்தில்தான் வரும். முந்தைய நாளே தெரிந்தால் பெரிய விஷயம். முன்கூட்டியே ஏற்றிவைப்பது என்பதெல்லாம் எங்களுக்குக் கனவு. ஆனால் நாங்கள் டேலிதான் வைத்திருக்கிறோம். விலைப்பட்டியலில் Applicable From என்று தேதி போட்டால் அதுவே பார்த்துக்கொள்கிறது. இங்கே எதற்குச் சண்டை?

பழைய ரசீது: பாதிதான் பார்த்துக்கொள்ளும் தம்பி. டேலி, நீங்கள் அடிக்கும் வவுச்சரின் தேதியை வைத்து விலை எடுக்கும். மார்ச் 24 ஆர்டருக்கு ஏப்ரல் 3 அன்று பில் போடுகிறீர்கள். பில்லுக்குள் அந்த ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஆர்டரில் இருந்த 18,400 வரும். அவசரத்தில் எண்ணை விட்டுவிட்டு நேராகப் பொருளின் பெயரை அடித்தால் 19,300 வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கடைப் பையன் அப்படி ஒரு பில் அடித்து, அதை நான் நேரில் போய்ச் சமாதானம் செய்த கதை தனி. ஓடூ மென்பொருள் வைத்திருப்பவர்களும் கேளுங்கள்: கொட்டேஷனில் Update Prices என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அனுப்பிய கொட்டேஷனில் அதைத் தொட்டால் எல்லா வரியின் விலையும் திரும்பக் கணக்காகும். பேசி முடித்துக் கையால் போட்ட விலையும் போய்விடும்.

சிமென்ட் முத்து: எனக்கும் இதே தலைவலி. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முன் எடுத்த ஆர்டருக்குப் பழைய வரியைத்தான் போட வேண்டும் என்றார் எங்கள் கணக்கர். ஆர்டர் தேதிதானே கணக்கு? நீங்கள் சொல்வதும் அதுதானே?

பழைய ரசீது: இல்லவே இல்லை. விலை நீங்கள் கொடுத்த வாக்கு. வரி சட்டம் சொல்வது. வரிக்கு ஆர்டர் தேதி செல்லாது. சரக்கு போன நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் இவற்றைத்தான் பார்ப்பார்கள். மூன்றும் 22க்குப் பிறகு என்றால் 18தான். அதனால்தான் வரியைச் சேர்த்து ஒரே தொகையாக விலைப்பட்டியலில் எழுதாதீர்கள் என்று போன தீபாவளியின்போதே இங்கே சொன்னேன். அப்போது என்னைக் கிண்டல் செய்தவர் யார் என்று சேலத்துக்காரருக்கு நினைவிருக்கும்.

சேலத்துக் கணக்கர்: நினைவிருக்கிறது. அன்று உங்கள் மென்பொருளே விடிகாலை வரை பழைய விலையில் பில் போட்டது என்று நீங்கள் புலம்பியதும் நினைவிருக்கிறது.

பழைய ரசீது: அது சர்வரின் கடிகாரம். லண்டன் கிரீன்விச் நேரம் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. விடிகாலையில் லாரி ஏற்றியவர்களுக்கு மட்டும் பழைய விலை போனது. மறுநாளே இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டேன். அது தேதி முறையின் குற்றமல்ல.

சேலத்துக் கணக்கர்: நான் 31 இரவு கையால் ஏற்றினேன், எனக்கு லண்டனும் இல்லை நியூயார்க்கும் இல்லை. சரி, மேதாவியிடம் ஒரு கேள்வி. அந்தப் பத்து பம்புக்காரர் ஆர்டரை உறுதி செய்துவிட்டு, ஏப்ரல் 3 அன்று இன்னும் இரண்டு வேண்டும் என்கிறார். அதே ஆர்டரில் இன்னொரு பொருள் வரி சேர்க்கிறீர்கள். ஆர்டரின் தேதி மார்ச் 24. உங்கள் doc_date எந்த விலையை எடுக்கும்?

பழைய ரசீது: 18,400.

சேலத்துக் கணக்கர்: அதாவது புதிய விலை வந்து மூன்றாம் நாள் பழைய விலையில் இரண்டு பம்பு. 1,800 ரூபாய் காற்றில். என் எக்செல் முறையில் 19,300 வந்திருக்கும்.

பழைய ரசீது: பழைய ஆர்டரில் வரி சேர்க்க விட்டது உங்கள் கடையின் பழக்கம். கூடுதல் இரண்டுக்குப் புதிய ஆர்டர் போட்டால் ஏப்ரல் 3 தேதி வரும், 19,300 வரும். பத்தில் ஆறு மார்ச்சில் போய், நான்கு ஏப்ரலில் போனாலும் பத்துக்கும் 18,400தான். பதினொன்றாவது பம்புக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

சேலத்துக் கணக்கர்: ஆக உங்கள் முறைக்கும் கடையில் ஒரு ஆள் கவனமாக இருக்க வேண்டும். என் முறைக்கும் ஒரு ஆள் கவனமாக இருக்க வேண்டும். இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்?

பழைய ரசீது: நீங்கள் முதலிலிருந்து சொன்னது கால் மணி நேர வேலை என்று. மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

தறிக்காரன்: ஆர்டரில் ஒவ்வொரு பொருள் வரிக்கும் தனித் தேதி வைக்க முடியாதா?

பழைய ரசீது: முடியும். பிறகு கொட்டேஷனில் எழுத்துப்பிழை திருத்துவதற்காக ஒரு வரியை நீக்கித் திரும்பச் சேர்த்தால் அதுவும் புதிய விலைக்குப் போகும். எந்தத் தவறு பரவாயில்லை என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.

பம்புக்கடை: சோதனை செய்து பார்த்தேன். பத்து ரூபாய் கூட்டினேன், பிப்ரவரி கொட்டேஷன் மாறிவிட்டது. திரும்பப் பத்து ரூபாய் குறைத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

சேலத்துக் கணக்கர்: 31 இரவுக்கு முன் எல்லாக் கொட்டேஷனையும் பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும்போது அதைப் பார்த்து விலையைக் கையால் அடியுங்கள். போதும்.

பழைய ரசீது: போதாது. மென்பொருள்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியிலும் விலைக்கு ஓர் இடம் போடச் சொல்லுங்கள். நிலுவையில் இருப்பவற்றுக்கு இன்றைய விலையை அதில் ஒருமுறை நிரப்பிய பிறகே புதிய விலையைத் தொடுங்கள். வரிசை மாறினால் 19,300 நிரம்பிவிடும்.

சேலத்துக் கணக்கர்: மென்பொருள்காரர் மார்ச் மாதத்தில் ஃபோன் எடுப்பாரா என்று முதலில் கேளுங்கள்.