புதுப்பிப்பு: பையனிடம் கத்திய விஷயம்

நான் கேட்டிருந்தது: "பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பையனிடம் கத்திவிடுகிறேன், அப்புறம் அவன் முகம் பார்க்கவே கூசுகிறது. என்ன செய்ய?"

பதில்களில் ஒருவர் சொன்ன, சாக்லேட் கொடுத்துச் சமாதானம் செய்யும் யோசனை வேலைக்காகவில்லைங்க. வாங்கிக்கொண்டான், கிட்டே வரவில்லை. பதில் எழுதியவர்களில் குழந்தைகளோடு வேலை செய்யும் அக்கா சொன்னபடி, திங்கள் ராத்திரி சந்தகைத் தட்டைக் கொட்டினதுக்குக் கத்திவிட்டு, மூச்சு அடங்கும்வரை வாசலில் நின்று, பிறகு அவன் உயரத்துக்கு உட்கார்ந்து "அப்பா கத்தினது தப்பு சாமி, பயந்துட்டியா?" என்றேன். 'ஆனா நீயும்' என்று இழுக்கவில்லை; நான் அழுதால் அவன் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்பதால் அழவும் இல்லை. தலையாட்டினான், அவ்வளவுதான். காலையில் அவனாகவே "உங்க கண்ணு பெருசா இருந்துச்சு" என்றான்.

'எங்கப்பா பெல்ட்டால அடிச்சும் நல்லாத்தான் இருக்கேன்' என்று பதில் எழுதிய அண்ணனுக்கு என்னிடம் பதில் இல்லை. பசிதான் காரணமோ என்று டீக்கடையில் பன் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். வியாழன் மறுபடி கத்தினேன்.