1804க்கு முன் நீர்வண்ணம் வெறும் கருவியாகத்தான் இருந்ததா?

தென்றல்: 1804இல் லண்டனில் நீர்வண்ண ஓவியர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன் நில அளவையாளரும் தாவரவியலாளரும் பயணிகளும் தீட்டியவை பதிவுகள்தாமே? அவற்றை ஓவியம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

அளவைக்கல்: நீர்வண்ண ஓவியர் பால் சாண்ட்பியின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கோட்டை 1804இல் போட முடியாது. 1746இல் கல்லோடன் போர் முடிந்ததும், ஸ்காட்லாந்து மலைநாட்டில் படை நடத்த நல்ல வரைபடம் இல்லாததை உணர்ந்த ஆங்கிலேயப் படையினர், மறு ஆண்டே அதை அளக்கத் தொடங்கினர். அந்தப் பணியில் வரைவாளராக அமர்ந்தவர் சாண்ட்பி. அந்த வரைபடத்தில் விளைநிலம் மஞ்சள், காடு பச்சை, நீர்நிலை நீலப்பச்சை, கட்டடம் சிவப்பு. சரிவின் செங்குத்தை மட்டும் எந்த நிறமும் சொல்லாது. சாம்பல் பூச்சை ஓரிடத்தில் அடர்த்தியாக வைத்து, அது காய்வதற்குள் நீர்த்தூரிகையால் இழுத்துக் கரைத்தே அதைக் காட்ட வேண்டும். அந்தக் கைப்பழக்கம்தான் பிறகு அவருடைய நிலக்காட்சிகளில் மேகமாகவும் தொலைமலையாகவும் தெரிகிறது. 1768இல் அரச கலைக்கழகத்தை நிறுவிய உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் வூல்விச் படைக் கல்லூரியில் ஓவியம் கற்பிக்கவும் சேர்ந்தார். இரண்டும் ஒரே மனிதரின் வேலை.

கருங்குயில்: அவ்வளவு ஆழமான காரணம் தேவையில்லை என்பது என் கருத்து. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும், நீர்வண்ணம் நிமிடங்களில் காயும். வண்ணக்குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம் என்பதால்தான் பயணிகள் இதை எடுத்தார்கள்.

அளவைக்கல்: விரைவில் காய்வது பற்றிச் சொன்னது சரி, குழாய் பற்றிச் சொன்னது சரியல்ல. மடக்கக்கூடிய உலோகக் குழாய்க்கே 1841இல்தான் காப்புரிமை கிடைத்தது. லண்டன் ரீவ்ஸ் சகோதரர்கள் தேன் கலந்து செய்த வண்ணக்கட்டிகளுக்குப் பரிசு கிடைத்தது 1781இல். அதற்கு முந்தைய வரைவாளர்களில் பலர் நிறப்பொடியையும் வேலம்பிசினையும் தாமே அரைத்துக் கலந்தார்கள். எளிமை பிற்பாடு வந்தது.

ஈரத்தாள்: நான் வால்பாறையில் காட்டுப்பூக்களை நீர்வண்ணத்தில் தீட்டுகிறேன். மழைக்காலத்தில் முதல் பூச்சு ஒரு மணிநேரமானாலும் காய்வதில்லை. அதற்குள் இதழ் வாடி நிறம் மாறிவிடுகிறது. அக்காலத்தார் எந்தத் தாளைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல முடியுமா?

அளவைக்கல்: தென்றல் கேட்டது தாளைப் பற்றி அல்ல, அம்மா. ஆனாலும் உங்கள் இடர்ப்பாடு இந்த விவாதத்துக்கு நேரே வந்து சேர்கிறது. கடற்பயணி கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் 1768இல் சென்ற ஓவியர் சிட்னி பார்க்கின்சன், டஹீட்டித் தீவில் வரைந்தபோது ஈக்கள் தாளிலிருந்த வண்ணத்தையே தின்றன. கொசுவலைக்குள் மேசையையும் நாற்காலியையும் வைத்துத்தான் வேலை செய்தார். 1770இல் ஆஸ்திரேலியக் கரையில் 14 நாள்களில் 94 செடிகளை வரைந்தார். அந்த வேகத்தில் எதையும் முடிக்க இயலாது. ஆகவே முழுச் செடியையும் பென்சிலில் வரைந்து, ஓர் இலைக்கும் ஒரு மலருக்கும் மட்டும் நிறம் கொடுத்து, மீதிக்கு நிறக்குறிப்பு எழுதிவைத்தார். நீங்களும் ஓர் இதழை மட்டும் முதலில் முடித்துப் பாருங்கள்.

தென்றல்: இதைத்தானே நானும் சொன்னேன்? அவருடைய 900க்கும் மேற்பட்ட தாவர வரைபடங்களில் 300கூட முழுமை பெறவில்லை என்று படித்திருக்கிறேன். பாதி நிறமும் பாதி எழுத்துமாக இருக்கும் தாளை, உலர்த்திய மாதிரிச் செடியோடு வைக்கும் குறிப்பு என்றே நான் மதிப்பேன். மதிப்பதில் எனக்குத் தயக்கமில்லை; ஆனால் குறிப்பு என்றுதான் மதிப்பேன்.

அளவைக்கல்: முடிக்காத தாள்களைக் குறிப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓர் இலையின் பச்சையை எங்கே நீர்க்கவிடுவது, நரம்பை வெண்தாளாகவே எப்படி விடுவது என்பதை எந்தக் குறிப்பும் தராது. அது கண்ணும் கையும் சேர்ந்து எடுக்கும் முடிவு. உங்கள் பக்கத்தில் உள்ள வலுவான சான்று வேறு. அக்கால வழக்கில் முதலில் கோடு, பிறகு சாம்பல் நிழல், அதன் மேல் மெல்லிய நிறம். அதனால் நிறம் கோட்டுக்கு அடிமைபோல் இருந்தது, மக்களும் அதை 'வண்ணமிட்ட வரைபடம்' என்றே கருதினர். ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர் தாமஸ் கெர்ட்டின் சாம்பல் அடிப்பூச்சை விட்டுவிட்டு நிறத்தாலேயே நிழலையும் எழுப்பினார். மாற்றம் அங்கேதான் நிகழ்ந்தது. ஆனால் அவர் தொழில் பழகியதும் இடக்காட்சி வரைவாளரான எட்வர்ட் டேய்ஸிடம்தான்.

கருங்குயில்: அப்படியானால் கெர்ட்டினின் வானங்கள் செந்நிறமாக இருப்பதும் அவர் துணிவின் அடையாளமா?

அளவைக்கல்: சிலவற்றில் அது துணிவல்ல, இழப்பு. அவுரி நீலம் வெளிச்சத்தில் மங்கி, உடன் கலந்த செம்மை மட்டும் எஞ்சிவிட்டது. சட்டகத்தின் ஓரத்தில் மறைந்திருந்த பகுதியைப் பார்த்தால் பழைய நீலம் தெரியும். எண்ணெய் ஓவியர்கள் நீர்வண்ணத்தை இறக்கமாகப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1888இல் அறிவியலாளர்களான ரஸ்ஸலும் ஆப்னியும் ஒளி எந்த நிறத்தை அழிக்கிறது என்று சோதித்து அறிக்கை தரும் அளவுக்கு அந்தச் சர்ச்சை நீண்டது.

தென்றல்: அந்த வாதம் எனக்குச் சாதகமானது. மங்கிவிடும் என்று தெரிந்தே ஒருவர் தீட்டினால், அவர் நோக்கம் பதிவா அழகா? சாண்ட்பியை ஏற்கிறேன், பார்க்கின்சனை இன்னும் ஏற்கவில்லை.

ஈரத்தாள்: நேற்று ஓர் இதழை மட்டும் முடித்தேன். மற்ற நான்கும் பென்சிலில்தான் இருக்கின்றன, ஆனால் அந்த ஒன்றில் நிறம் வாடவில்லை. அடுத்த பூவுக்குக் குறிப்பெழுதத் தனி நோட்டு வைக்கப்போகிறேன்.